வில்லங்கச் சான்றில் ‘இல்லை’ என்றால் வில்லங்கமே இல்லையா?

புதுடெல்லி: சொத்தை விற்பவருக்கு அதன் மீது உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய அமர்வு, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ (1) விதியைச் செல்லாது என அறிவித்தது. ஆவணத்தைப் பதிவு செய்ய வருபவர், விற்பவரின் முந்தைய அசல் ஆவணத்தையும், பத்து நாள்களுக்குள் பெற்ற வில்லங்கச் சான்றையும் தர வேண்டும் என்று அந்த விதி கூறியிருந்தது. தராவிட்டால் பதிவு மறுக்கப்படும்.

தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் ஒருவர் திருப்பியனுப்பிய கிரயப் பத்திரத்தில் தொடங்கிய வழக்கு இது. விற்பவரின் உரிமை நிறுவப்படவில்லை என்பதே மறுப்புக்குக் கூறப்பட்ட காரணம். சென்னை உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நடைமுறைகள் நிறைவேறி, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் செலுத்தப்பட்டிருந்தால், எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இல்லாத நிலையிலும் ஆவணத்தைப் பதிவு செய்ய மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். உரிமையற்றவர் எழுதிக் கொடுத்த ஆவணம் பதிவாகிவிட்டாலும், அதன்மூலம் எந்த உரிமையும் கைமாறாது என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இந்த இரண்டு கூற்றுகளையும் சேர்த்துப் படித்தால், நிலம் வாங்கும் குடும்பங்கள் பெரிதும் நம்பியிருக்கும் வில்லங்கச் சான்றின் உண்மையான இடம் புலப்படும். அந்தச் சான்று, பதிவு அலுவலகத்தின் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதன் சுருக்கம். புத்தகத்தில் எழுதும் அதிகாரி உரிமையை ஆராய்வதில்லை என்றால், சுருக்கமும் உரிமையைப் பற்றிச் சான்றளிக்க இயலாது. எனவே சான்றில் ஒரு பரிமாற்றம் இருப்பதால் மட்டும் அது செல்லுபடியாகிவிடாது. சான்றில் ஒன்றும் இல்லாததால் மட்டும் சொத்து தூய்மையானதாகிவிடாது.

சான்று எங்கிருந்து பிறக்கிறது

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஒவ்வொரு பதிவு அலுவலகமும் பராமரிக்க வேண்டிய புத்தகங்களை 51-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. அசையாச் சொத்து தொடர்பான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை போன்ற ஆவணங்கள் 1-ஆம் எண் புத்தகத்தில் ஏறுகின்றன. உயில்கள் 3-ஆம் எண் புத்தகத்துக்குச் செல்கின்றன. முதல் புத்தகத்துக்கு உரியவை அல்லாத பிற ஆவணங்கள் 4-ஆம் எண் புத்தகத்தில் பதிவாகின்றன. பொது அதிகாரப் பத்திரங்கள் நெடுங்காலம் இதில்தான் இடம்பெற்று வந்தன.

முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று, ஆட்களின் பெயர்வாரியானது. மற்றொன்று, சொத்துவாரியானது. வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது நாம் தரும் கிராமம், சர்வே எண், கால அளவு ஆகியவற்றைக் கொண்டு இந்த அட்டவணைகளிலேயே தேடல் நடக்கிறது. முன்பு பெரிய பேரேடுகளைப் புரட்டி எழுத்தர்கள் செய்த வேலையை இப்போது கணினி செய்கிறது. தேடப்படும் இடம் மாறவில்லை. தமிழ்நாட்டில் tnreginet.gov.in தளத்தில் இந்தத் தேடலை எவரும் கட்டணமின்றிச் செய்து பார்க்கலாம். அலுவலகச் சான்றொப்பத்துடன் வேண்டுமெனில் கட்டணம் செலுத்த வேண்டும்.

முதல் புத்தகத்தை எவர் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்று சட்டத்தின் 57-ஆம் பிரிவு கூறுகிறது. மூன்றாம், நான்காம் புத்தகங்களுக்கு அந்தத் திறந்த கதவு இல்லை. உயிலின் நகலை, அதை எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே பெற முடியும். ஆகவே ஒருவர் தம் வீட்டை யாருக்கோ உயில் எழுதி முறையாகப் பதிவு செய்திருந்தாலும், வில்லங்கச் சான்று அதைக் காட்டாது. அதிகாரப் பத்திரத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் நிலைமை சற்று மேம்பட்டுள்ளது. அசையாச் சொத்து தொடர்பான அதிகாரப் பத்திரம், கிரய உடன்படிக்கை ஆகியவற்றின் பதிவைக் கட்டாயமாக்கும் மாநிலத் திருத்தம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சான்றின் மௌனத்தை அப்படியே நம்ப இயலாது.

சான்றைப் படிப்பது எப்படி

தமிழ்நாட்டில் வழங்கப்படும் சான்றில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஆவண எண்ணும் ஆண்டும் இருக்கும். எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவு நாள் என மூன்று தேதிகள் தரப்படும். ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண் ஆகியவை தொடரும். இறுதியில் சொத்து விவரமும் எல்லைகளும் இடம்பெறும்.

இவற்றுள் பெரும்பாலோர் பார்ப்பது பெயர்களையும் அடமானம் உள்ளதா என்பதையும் மட்டுமே. ஆனால் சான்றின் பயன், ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையிலான தொடர்ச்சியைச் சோதிப்பதில்தான் இருக்கிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதை விளக்கும்.

டெல்லியில் பணிபுரியும் ஒருவர், ஓய்வுக்குப் பின் வாழ்வதற்காகச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 2,400 சதுர அடி மனை ஒன்றை வாங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். விற்பவர், மறைந்த ஒருவரின் இளைய மகன். முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றில் நான்கு பதிவுகள் உள்ளன. 1996-இல் தந்தை அந்த மனையைக் கிரயம் பெற்றார். 2009-இல் வங்கிக் கடனுக்காக உரிமை ஆவணங்களை ஒப்படைத்தார். 2016-இல் அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவானது. 2021-இல் மனைவி, மூத்த மகன், ஒரு மகள் ஆகிய மூவரும் இளைய மகனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர்.

மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. கடன் அடைபட்டுவிட்டது, குடும்பத்தினர் விட்டுக்கொடுத்துவிட்டனர். முதலில் சரிபார்க்க வேண்டியது, 2016-ஆம் ஆண்டு ரசீதில் முந்தைய ஆவண எண்ணாக 2009-ஆம் ஆண்டு ஆவணத்தின் எண்ணே குறிப்பிடப்பட்டுள்ளதா என்பது. வேறு எண் இருந்தால் தீர்ந்தது வேறொரு கடனாக இருக்கலாம். நம் எடுத்துக்காட்டில் எண் பொருந்துகிறது.

அடுத்த கேள்வி, 2016-க்கும் 2021-க்கும் இடையில் சொத்து தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு எவ்வாறு வந்தது என்பது. அவர் 2018-இல் இறந்தார். மரணம் பதிவு அலுவலகத்தில் பதியப்படுவதில்லை. வாரிசுரிமைக்கு ஆவணமும் தேவையில்லை. எனவே சான்றில் அந்த நிகழ்வுக்கு வரி எதுவும் இல்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட மூவரையும், பெற்றுக்கொண்ட ஒருவரையும் சான்று காட்டுகிறது. குடும்பத்தில் மொத்தம் எத்தனை வாரிசுகள் என்பதைக் காட்டவில்லை.

வட்டாட்சியர் அலுவலகம் வழங்கிய வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தபோது ஐந்து பெயர்கள் இருந்தன. மணமாகி வெளிநாட்டில் வசிக்கும் இரண்டாவது மகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. தந்தை தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. அவருடைய தாய் உயிருடன் இல்லை எனக் கொண்டால் பங்குகள் ஐந்து. அந்த மகளின் பங்கு ஐந்தில் ஒன்று. அதாவது 480 சதுர அடிக்கு நிகரான பிரிபடாப் பாகம்.

இந்நிலையில் முழு மனைக்கும் கிரயம் எழுதிப் பதிவு செய்தால் என்ன நேரும்? சார்பதிவாளர் பதிவு செய்வார். அடுத்த நாள் எடுக்கும் வில்லங்கச் சான்றில் வாங்கியவரின் பெயர் முழு மனைக்கும் உரியவராக இடம்பெறும். ஆயினும் அவருக்குக் கிடைத்தது ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. வீடு கட்டி முடித்த பின்னரும் அந்த மகள் பாகப்பிரிவினை வழக்குத் தொடர முடியும். இளைய மகன் மோசடிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. “அக்காவுக்குத்தான் கல்யாணத்தின்போது நகை போட்டுவிட்டோமே” என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையால் சட்டப்படியான பங்கு கரைந்துவிடுவதில்லை.

இதே எடுத்துக்காட்டில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. தந்தை உயில் எழுதிப் பதிவு செய்திருந்தால் பங்குக் கணக்கே மாறிவிடும். அவர் இறந்துவிட்டதால், இறப்புச் சான்றை இணைத்து, 3-ஆம் எண் புத்தகத்தில் அவர் பெயரில் உயில் உள்ளதா என்று விண்ணப்பித்துக் கேட்கலாம்; எழுதியவரின் மரணத்துக்குப் பிறகு எவரும் நகல் பெறச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டு, பீரோவில் வைத்த உயிலும் செல்லும். அதை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. குடும்பத்தினரைக் கேட்டே அறிய வேண்டும்.

கேட்ட எண்ணுக்கு மட்டுமே பதில்

விண்ணப்பதாரர் தந்த விவரத்தின் அடிப்படையில் மட்டுமே தேடல் நடைபெற்றது என்பதும், அதே சொத்து வேறு விவரங்களுடன் பதிவாகியிருந்தால் அந்தப் பரிமாற்றம் இச்சான்றில் இடம்பெறாது என்பதும் வில்லங்கச் சான்றுகளில் வழக்கமாகக் காணப்படும் குறிப்பு. பலர் படிக்காமல் கடந்துபோகும் இந்த வரியில்தான் பல தகராறுகளின் வேர் இருக்கிறது.

நிலத்தின் எண் நிலையானதன்று. 145/2 என்றிருந்த நிலம் உட்பிரிவு செய்யப்பட்டு 145/2ஏ, 145/2பி என்று ஆகலாம். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் மறு அளவையின்போது பழைய எண்ணே மாறியிருக்கலாம். நகர எல்லைக்குள் வந்த பகுதிக்கு நகர அளவை எண் தரப்பட்டிருக்கலாம். புதிய எண்ணைக் கொடுத்துத் தேடினால் புதிய எண்ணில் பதிவானவை மட்டுமே வரும். 145/2 என்ற எண்ணில் எழுதப்பட்ட பழைய அடமானம் அந்தப் பட்டியலில் விடுபடக்கூடும்.

கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பதும் முக்கியம். எல்லைகள் காலந்தோறும் மாற்றியமைக்கப்பட்டுள்ளன. 2005-இல் புதிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்ட கிராமத்துக்கு, அதற்கு முந்தைய காலத்தின் பதிவுகள் பழைய அலுவலகத்தின் பேரேடுகளில் இருக்கலாம். எனவே வழக்கறிஞர்கள் முதலில் தாய்ப் பத்திரத்திலிருந்து தற்போதைய பத்திரம் வரை உள்ள எல்லா எண்களையும் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியே தேடுகின்றனர்.

டெல்லிக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய மாகாணத் தலைநகரங்களின் பதிவாளர்களும் டெல்லிப் பதிவாளரும், நாட்டின் எப்பகுதியில் உள்ள சொத்துக்கான ஆவணத்தையும் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 30 (2) பிரிவு அனுமதித்திருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை நீக்கியது. அதற்கு முன்பு டெல்லியில் வாழ்ந்த உரிமையாளர் ஒருவர் தம் தஞ்சாவூர் நிலத்தை இங்கிருந்தே எழுதிக் கொடுத்திருக்க முடியும். அந்த ஆவணத்தின் நகல் உரிய மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள புத்தகத்தில் ஏற வேண்டும் என்பது விதி. அந்த நகல் போய்ச் சேராமலோ அட்டவணையில் ஏறாமலோ இருந்தால், தஞ்சாவூரில் எடுக்கும் சான்று அதைப்பற்றிப் பேசாது.

நான்கு மாத இடைவெளி

சான்றில் மூன்று தேதிகள் தரப்படுவதற்குக் காரணம் உண்டு. எழுதி முடித்த ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய 23-ஆம் பிரிவு நான்கு மாத அவகாசம் தருகிறது. அதே சமயம், பதிவான ஆவணம் பதிவு நாளிலிருந்து அன்றி, எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வருகிறது என்று 47-ஆம் பிரிவு கூறுகிறது.

இந்த இரண்டும் சேரும்போது ஓர் ஆபத்து உருவாகிறது. உரிமையாளர் மார்ச் 1 அன்று ஒருவருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கையொப்பமிடுகிறார். அது உடனே தாக்கலாகவில்லை. ஏப்ரல் 10 அன்று இரண்டாவது நபர் வில்லங்கச் சான்று எடுக்கிறார். சான்று தூய்மையாக இருக்கிறது. ஏப்ரல் 15 அன்று அவர் பணம் கொடுத்துப் பதிவும் செய்துகொள்கிறார். ஜூன் 20 அன்று முதல் நபர் தம் ஆவணத்தைத் தாக்கல் செய்து, அது முறையாகப் பதிவானால், அதன் வலு மார்ச் 1-லிருந்தே தொடங்கும். இரண்டாவது நபர் பார்த்த சான்றில் பிழை ஏதுமில்லை. அன்றைய தேதியில் புத்தகம் உண்மையிலேயே வெறுமையாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான கிரயங்கள் எழுதிய நாளிலேயே தாக்கலாவதால் இது அன்றாடம் நடப்பதில்லை. எனினும், விற்பவர் அசல் பத்திரத்தைக் காட்டாமல் நகலை மட்டும் தந்து அவசரப்படுத்தும்போது நினைவில் கொள்ள வேண்டிய இடைவெளி இது. பதிவு நாளுக்கு முந்தைய நாளும், பதிவான பின் சில மாதங்கள் கழித்தும் சான்றை மீண்டும் எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

வங்கியின் பெட்டகமும் நீதிமன்றக் கோப்பும்

நாட்டின் பொதுவான சட்டத்தின்படி சில சுமைகளைப் பதிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. முக்கியமானது, உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெறுவது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி, கடனுக்குப் பிணையாக ஆவணங்களை ஒப்படைத்ததுமே அடமானம் உருவாகிவிடுகிறது. அதற்கு எழுத்துப் பத்திரம்கூடக் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் இதற்கான ஒப்பந்தக் குறிப்பைப் பதிவு செய்யும் வழக்கம் வலுவாக இருப்பதால் அது சான்றில் தென்படுகிறது. எல்லா மாநிலங்களிலும் அவ்வாறு இல்லை.

ஒரே சொத்தைக் காட்டிப் பல வங்கிகளில் கடன் வாங்கிய மோசடிகளைத் தடுக்க, ‘செர்சாய்’ எனப்படும் மத்தியப் பதிவகம் 2011 மார்ச் 31 அன்று செயல்படத் தொடங்கியது. வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்களிடம் உள்ள அடமானங்களை அதில் பதிய வேண்டும். சிறு கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் அதில் தேடலாம். வில்லங்கச் சான்றுக்கு வெளியே உள்ள கடனைக் கண்டறிய இருக்கும் நேரடி வழி இதுவே. தனிநபரிடம் பத்திரத்தை வைத்து வாங்கிய கைமாற்றுக் கடன் இதிலும் வராது. அதற்கு ஒரே சோதனை, அசல் பத்திரங்கள் விற்பவரின் கையில் இருக்கின்றனவா என்று நேரில் பார்ப்பது.

வழக்குகளும் அவ்வாறே. சொத்தின் மீது வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதை வாங்கியவர், தமக்கு வழக்கு இருப்பது தெரியாவிட்டாலும், அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களில் வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்ற திருத்தம் உண்டு. தமிழ்நாட்டிலோ டெல்லியிலோ அத்தகைய கட்டாயம் இல்லை. நீதிமன்றத்தின் பற்றுகை உத்தரவு பதிவு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுப் பதியப்பட்டிருந்தால் சான்றில் வரும். வெறும் வழக்கு வராது. மின்னணு நீதிமன்றத் தளத்தில் விற்பவரின் பெயரையும் அவருக்கு முந்தைய உரிமையாளரின் பெயரையும் உரிய மாவட்ட நீதிமன்றத்தின் கீழ் தேடிப் பார்க்க வேண்டும்.

இவை தவிர, சான்று தொடாத பகுதி நிலத்தின் மேற்பரப்பு. யார் குடியிருக்கிறார், குத்தகைக்காரர் உழுகிறாரா, பாதை இருக்கிறதா, அளவு பத்திரத்தில் உள்ளபடி நிற்கிறதா, நிலம் புறம்போக்கா கோயிலுக்கு உரியதா என்பவற்றுக்குப் பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகிய வருவாய்த் துறை ஆவணங்களையும் நேரடிப் பார்வையையுமே நாட வேண்டும்.

டெல்லியில் வெறுமையான புத்தகம்

தமிழ்நாட்டில் பழகிய கண்ணோடு டெல்லியில் வீடு வாங்க முற்படுவோர் வேறொரு சிக்கலைச் சந்திக்கின்றனர். தலைநகரின் அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் பல பத்தாண்டுகளாகக் கிரயப் பத்திரம் இன்றியே வீடுகள் கைமாறி வந்தன. பொது அதிகாரப் பத்திரம், விற்பனை உடன்படிக்கை, பணம் பெற்ற ரசீது, உயில் ஆகியவற்றின் தொகுப்பே ‘விற்பனை’யாகக் கருதப்பட்டது. இத்தகைய பரிமாற்றங்கள் உரிமையை மாற்றித் தருவதில்லை என்று 2011 அக்டோபர் 11 அன்று, சூரஜ் லேம்ப் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக அறிவித்தது.

இந்தத் தொகுப்பைப் பதிவுப் புத்தகங்களோடு பொருத்திப் பார்த்தால் சிக்கல் விளங்கும். உயில் மூன்றாம் புத்தகத்துக்கு உரியது. அதிகாரப் பத்திரம் பெரும்பாலும் நான்காம் புத்தகத்துக்குச் செல்லும். உடன்படிக்கையும் ரசீதும் பல வேளைகளில் பதிவாவதே இல்லை. ஆகவே ஒரு வீடு ஐந்து கைகள் மாறியிருந்தாலும், முதல் புத்தகத்தில் தேடினால் தொடக்க கால நில உரிமையாளரின் பெயரோடு பட்டியல் நின்றுவிடக்கூடும். ஆபத்து எங்கே மிகுதியோ அங்கேதான் தேடல் முடிவு மிகத் தூய்மையாகக் காட்சியளிக்கிறது.

1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வசிப்போருக்கு உரிமை வழங்க 2019-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது இந்தப் பின்னணியில்தான். பிஎம்-உதய் என்ற பெயரில் செயல்படும் அத்திட்டம், மேற்கண்ட ஆவணத் தொகுப்பை அடிப்படையாக ஏற்று, உரிமை மாற்றப் பத்திரம் அல்லது அங்கீகாரச் சீட்டு வழங்குகிறது. அதைப் பெற்றுப் பதிவு செய்த பின்னரே அந்த வீடு முதல் புத்தகத்தின் பார்வைக்குள் வருகிறது. இப்பகுதிகளில் வாங்குவோர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் அந்தப் பத்திரத்தைத்தான்.

தீர்ப்புகளுக்குப் பின்

55-ஏ விதி மோசடிப் பதிவுகளைத் தடுக்கும் நோக்கில் 2022-இல் கொண்டுவரப்பட்டது. பதிவுச் சட்டம் தராத அதிகாரத்தை விதியின் வழியே சார்பதிவாளருக்குத் தர முடியாது என்பதே அது வீழ்ந்ததற்குக் காரணம். அதே 2025 ஏப்ரல் மாத இறுதியில், அசல் முந்தைய ஆவணத்தைக் காட்டும் நிபந்தனையைச் சட்டத்திலேயே சேர்ப்பதற்கான திருத்த முன்வடிவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. இத்தகைய நிபந்தனை அசல் பத்திரமே இல்லாத மோசடிக்காரரைத் தடுக்கும். நம் எடுத்துக்காட்டில் வந்த இளைய மகனைத் தடுக்காது. அவரிடம் 1996-ஆம் ஆண்டு அசலும், 2021-ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரமும், தூய்மையான வில்லங்கச் சான்றும் இருக்கின்றன.

2025 நவம்பர் 7 அன்று பீகார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே திசையில் தீர்ப்பளித்தது. வருவாய்ப் பதிவேட்டில் விற்பவரின் பெயர் இருந்தால்தான் பதிவு என்ற அம்மாநில விதியை நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்ய பாக்சி அமர்வு ரத்து செய்தது. இந்தியாவில் பதிவு என்பது உரிமை பற்றிய ஓர் அனுமானத்தை மட்டுமே தருகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, இந்த இடைவெளியைத் தொழில்நுட்பத்தின் துணையோடு நீக்க இயலுமா என ஆராயும்படி சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1858-இல் தொடங்கிய டோரன்ஸ் முறையில் பதிவேடே உரிமையை உருவாக்குகிறது. அதில் பெயர் இருப்பவரின் உரிமைக்கு அரசு பொறுப்பேற்கிறது. அந்த நிலைக்குச் செல்ல வேண்டுமெனில், பதிவுக்கு முன்பு ஒவ்வொரு உரிமையையும் யாரோ ஒருவர் ஆராய்ந்து முடிவு செய்தாக வேண்டும். இன்று அந்தப் பொறுப்பு வாங்குபவரிடமே இருக்கிறது.

சொத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. உரிமையற்ற ஒருவர் உங்கள் நிலத்தை எழுதிக் கொடுத்து, அது உங்கள் சர்வே எண்ணின் கீழ் சான்றில் தோன்றினால், உங்கள் உரிமை அதனால் பறிபோகாது. ஆனால் அந்த வரி தானாக மறையாது. உரிமையியல் நீதிமன்றத்தை அணுகி ஆவணத்தை ரத்து செய்யக் கோர வேண்டும். நாள் கடந்து தெரியவந்தால் கால வரம்புச் சிக்கலும் சேரும். வெளியூரில் வசிப்பவர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் தங்கள் சொந்த நிலத்துக்கு வில்லங்கச் சான்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதனால்தான்.

செங்கல்பட்டு மனைக்கே திரும்பினால், வாங்க விரும்பியவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. வெளிநாட்டில் உள்ள மகளையும் கிரயப் பத்திரத்தில் விற்பவராகச் சேர்க்கலாம். அல்லது அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி செய்து அனுப்பும் அதிகாரப் பத்திரத்தின் வழியே விடுதலைப் பத்திரம் பதிவாகும் வரை காத்திருக்கலாம். அவர் மறுத்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விலகிக்கொள்ளலாம். அந்த முடிவை எடுக்க உதவியது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று அன்று. அதில் 2016-க்கும் 2021-க்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண்டு கேட்ட ஒரு வாரிசுச் சான்று.